அம்மாவின் ‘வணக்கம்’ மலையாளமாவது ஏன்?

“நாங்கள் மார்த்தாண்டம். அம்மா போனில் மைக்கைத் தொட்டு ‘வணக்கம், சுகம்தானே’ என்றால் மலையாள எழுத்தில் வருகிறது. சில நேரம் ‘இணக்கம்’ என்று வருகிறது. குரலைப் பழக்கித் தர ஒரு கடையில் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். அம்மாவின் உச்சரிப்பில் குற்றமில்லை.

மலையாள எழுத்து வருகிறதென்றால், கருவி சொல்லைத் தவறவிடவில்லை, மொழியைத் தவறவிட்டிருக்கிறது. உங்கள் போனில் இரண்டு மொழிகளும் சேர்க்கப்பட்டிருக்கும். எது பேசப்படுகிறது என்பதை முதல் ஓரிரு நொடி ஒலியிலேயே அது ஊகிக்க வேண்டும். ‘வணக்கம்’ ஒரு நொடிகூட நீளாது. பேச்சுத் தமிழில் பலர் கடைசி ‘ம்’மை மூக்கோடு கரைத்துவிடுவார்கள். உங்கள் விளவங்கோடு பக்கத்தில் உதட்டை மூடி முழுதாகச் சொல்பவர்கள் உண்டு, மலையாளத்திலும் அப்படித்தான். அடுத்து வருவதோ இரண்டு மொழிக்கும் பொதுவான ‘சுகம்’. தராசு சாய்ந்துவிடுகிறது. குரல் உள்ளீட்டு மொழிகளில் மலையாளத்தை நீக்கி ‘தமிழ் (இந்தியா)’ மட்டும் வையுங்கள். இதற்குக் காசு கிடையாது.

‘இணக்கம்’ வேறு கதை. மைக்கைத் தொட்ட கையோடு பேசினால், பதிவு தொடங்குவதற்குள் ‘வ’ போய்விடும். மிச்சமிருக்கும் ‘ணக்கம்’ என்ற ஒலிக்குத் தனக்குத் தெரிந்த சொல் ஒன்றைக் கருவி பொருத்திவிடுகிறது. தொட்டபின் ஒரு நொடி பொறுத்துப் பேசச் சொல்லுங்கள். அவசரமாகத் தொட்டுப் பேசும் மதுரைக்காரருக்கும் ‘இணக்கம்’ வரலாம், சோதித்துப் பாருங்கள்.

இனி அந்தக் கடை. ‘குரலைப் பழக்குவது’ என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது Voice Match போன்ற பதிவுதான். பேசுவது போனின் உரிமையாளர்தானா என்று அடையாளம் காண்பதற்கான வசதி அது. வட்டாரத் தமிழைக் கற்பிக்காது. நீங்களே இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியதற்கு 1,500 ரூபாய்! கூடவே ஏதாவது ஆப் போட்டு மைக், தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கருவி செய்பவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மொழிப் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாட்டுக்கொரு தமிழ் வைக்கிறார்கள். ஒரே குமரி மாவட்டத்தில் தோவாளைக்கும் விளவங்கோட்டுக்கும் இடையிலேயே பேச்சு மாறுவது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

ஒரே ஒரு விலக்கு. சேவை எண்ணை அழைத்து இயந்திரத்தோடு பேசும்போது நீங்கள் மாற்றிய அமைப்பு எதுவும் உதவாது. மொழியை முடிவு செய்வது அவர்கள் பக்கத்துக் கருவி. சாதாரணத் தொலைபேசி இணைப்பில் சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வெட்டுப்பட்டுத்தான் போகும். அதனால் ‘ச’, ‘ஸ’ போன்றவை மங்கும். ‘வணக்கம்’ அவ்வளவாகக் கெடாது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அம்மா மரியாதைக்கு ஒரு கணம் நிறுத்தினால், அந்த மௌனத்தைப் பேச்சின் முடிவாக எடுத்துக்கொண்டு, வணக்கத்தையே பதிலாகக் கணக்கில் வைத்து ‘புரியவில்லை’ என்று சொல்லிவிடும். அங்கே முதலில் தமிழுக்கான எண்ணை அழுத்தச் சொல்லுங்கள். அறிவிப்பு முடிந்தபின் வணக்கம் வைக்காமல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். வணக்கத்தை மனிதர் யாராவது எடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.