வேர்ப்பக்கம் செம்பட்டை, நுனி கறுப்பு: பணத்தைக் கொடுப்பதா, சரிசெய்து தருவதா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். ஆஷ் பிரவுன் கலர் கேட்ட ஒரு பெண்ணுக்கு 3,500 ரூபாய் வாங்கிப் போட்டுவிட்டேன். வேர்ப்பக்கம் செம்பட்டையாகவும் கீழே கறுப்பாகவும் நிற்கிறது. அடுத்த வாரம் தக்கலையில் அவருடைய தங்கைக்குக் கல்யாணம். பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். கொடுக்கவா, இலவசமாகச் சரிசெய்து தரவா?

பதில்: அந்த முடி இன்னொரு முறை மருந்தைத் தாங்குமா என்பதைப் பார்த்த பிறகுதான் இதை முடிவு செய்ய வேண்டும். அவரை வரச் சொல்லி, டியூப்லைட்டின் கீழ் அல்ல, வாசல் வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். ஓர் இழையை நனைத்து மெதுவாக இழுத்துவிடுங்கள். நீண்டு, விட்டதும் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தால் முடி நன்றாக இருக்கிறது. ரப்பர் போல நீண்டு அப்படியே நின்றாலோ அறுந்தாலோ, அதில் இனி எதையும் பூசாமல் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தலைத்தோலில் எரிச்சலோ கொப்புளமோ இருந்தாலும் அப்படியே செய்து, தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நீங்கள் சொல்லும் இரட்டை நிறத்தைப் பார்த்தால், நுனிப்பக்கத்தில் பழைய கலரோ பாக்கெட் கறுப்பு மெஹந்தியோ இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. ஏற்கெனவே சாயம் ஏறிய முடியைப் புதிய கலர் வெளுக்காது. சாயம் படாத வேர்ப்பக்க முடியோ தலையின் சூட்டில் வேகமாக வெளுத்துச் செம்பட்டையாகும். சில மெஹந்திப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும் என்பதால், நுனியை வெளுக்க ப்ளீச் வைத்தால் முடி சூடேறிக் கருகவும் கூடும். ஆகவே நுனியைத் தொடாதீர்கள். வேர்ப்பக்கத்துக்கு மட்டும், ஒரு படி கருத்த ஆஷ் நிறத்தை 10 வால்யூம் டெவலப்பரில் கலந்து, முதலில் காதின் பின்புறம் ஓர் இழையில் பூசிப் பாருங்கள். ஆஷில் உள்ள நீலச் சாயல் செம்பட்டையை அடக்கும்.

இப்படிச் செய்தால் வேர்ப்பக்கம் அடர் பழுப்பாகி நுனிக் கறுப்போடு ஓரளவு ஒத்துப்போகுமே தவிர, அவர் கேட்ட ஆஷ் பிரவுன் வராது. கலர் கலக்குவதற்கு முன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். சம்மதித்தால் இலவசமாகச் செய்து, நிறம் மாறியதற்காக ஒரு பகுதித் தொகையையும் கொடுப்பது நியாயம். உங்கள் கையில் மறுபடியும் தலையைக் கொடுக்க அவருக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். கல்யாண வீட்டில் எல்லார் முன்னும் நிற்கப்போகிறவரின் அச்சம் அது. பழைய மெஹந்தியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை என்றால் தவறு உங்களுடையது, முழுப் பணத்தையும் கொடுங்கள். கேட்டும் அவர் மறைத்திருந்தால், அதை எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் நீங்கள் பேச முடியும்.

'பணம் திருப்பித் தரப்படாது' என்ற பலகையை நம்பி இருந்துவிடாதீர்கள். குறைபாடுள்ள சேவைக்கான தொகையை, பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராததும் அப்படியே. அவர் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. எதைக் கொடுத்தாலும், தேதி, தொகை, காரணம் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, வாசல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.