ராத்திரி 9 மணிக்கு ஸ்பீட் விழுந்தா கேஸ் நிக்குமா?

"லாயர் ஐயா, செந்தூல் கொண்டோல 500 எம்பிபிஎஸ் ஃபைபர் எடுத்தேன், 24 மாச கான்ட்ராக்ட். ராத்திரி 9 மணிக்கு 90தான் வருது, பக்கத்து வீடுங்கள்லயும் அதே கதை. 20 வீட்டுக்காரங்க கையெழுத்து போட்டுட்டோம். ஏமாத்திட்டாங்கன்னு கேஸ் போடலாமா? கோவத்துல 2 மாசமா பில் கட்டல."

முதல்ல அந்த பில்ல கட்டுங்க, இன்னைக்கே.

கேஸுக்கு முக்கியமானது ஒன்னுதான். கான்ட்ராக்ட்ல 500 உறுதின்னு இருக்கா, இல்ல '500 வரைக்கும்'னு இருக்கா? வீட்டு பேக்கேஜ்ல பெரும்பாலும் ரெண்டாவதுதான் இருக்கும். அதுக்கு காரணம் லைன் போட்டிருக்கற விதம். ஜிபான் லைன்னா ஒரு ஃபைபர்ல கீழ வர்றது மொத்தமே 2.5 ஜிபிபிஎஸ் கிட்ட, அத ஸ்ப்ளிட்டர் வெச்சு 32 வீட்டுக்கு பிரிச்சிருக்காங்கன்னு வைங்க, 32 வீட்டுக்கும் 500 வித்தா 16 ஜிபிபிஎஸ் ஆயிடுது. இதத்தான் ஓவர்சப்ஸ்கிரிப்ஷன்னு சொல்றாங்க, வித்ததுக்கும் இருக்கறதுக்கும் உள்ள கன்டென்ஷன் ரேஷியோ ஆறுக்கு ஒன்னுக்கும் மேல. பகல்ல பாதி பேர் வேலைக்கு போயிடறதால தெரியாது, ராத்திரி சாப்பிட்டுட்டு எல்லாரும் ஒரே நேரத்துல டிவிய போட்டா எல்லாருக்கும் விழும். 32 வீடும் ஒரே நேரத்துல முழுசா இழுத்தா ஆளுக்கு 78தான். ஸ்ப்ளிட்டர தாண்டி கம்பெனியோட பெரிய லைன்லயும் இதே கணக்குதான், நெரிசல் அங்கயும் இருக்கலாம். இப்படி பகிர்ந்து விக்கறது மட்டும் கான்ட்ராக்ட் மீறல் ஆகாது.

அதனால அந்த 20 கையெழுத்து உங்களுக்கு பலம்னு நினைக்காதீங்க, எல்லாருக்கும் ஒரே நேரத்துல விழுதுன்னா 'நெரிசல், வரைக்கும்னுதான் சொன்னோம்'னு அவங்க சொல்றதுக்கு நீங்களே சாட்சி குடுத்த மாதிரி. உங்களுக்கு உதவற டெஸ்ட் காலைல 4 மணிக்கு எடுக்கறதுதான். ஊரே தூங்கறப்பவும் 90 வந்தா அது நெரிசல் இல்ல, லைன்லயோ கருவிலயோ கோளாறு, அது உங்க கேபிளோ கம்ப்யூட்டரோ இல்லன்னா சரி பண்ண வேண்டியது அவங்க பொறுப்பு. அந்த நேரம் 480 வந்தா கோளாறு இல்ல, அப்ப நீங்க பாக்க வேண்டியது கான்ட்ராக்ட்ல குறைஞ்சபட்ச ஸ்பீட் ஏதாவது எழுதியிருக்கா, தொலைத்தொடர்ப கண்காணிக்கற எம்சிஎம்சியோட கட்டாய தர விதிக்குள்ள உங்க ஸ்பீட் வருதான்னு. ஒன்னு, டெஸ்ட்ட வைஃபைல எடுக்காதீங்க, 'உங்க வீட்டு சுவர்'னு ஒரே வார்த்தைல தள்ளிடுவாங்க. லேன் கேபிள்ல, ரூட்டர்ல நேரா மாட்டி, 2 வாரம், தேதி நேரத்தோட எடுங்க.

பில் விஷயத்துக்கு வரேன், நான் பயப்படறது இதுக்குத்தான். என்கிட்ட வந்த ஒருத்தர் இதே மாதிரி கோவத்துல நிறுத்திட்டாரு. லைன கட் பண்ணாங்க, கான்ட்ராக்ட்ட முறிச்சது அவர்தான்னு ஆயிடுச்சு, பெனால்ட்டி வந்துச்சு, கடன் பாக்கிய பதிவு பண்ற சிடோஸ்ல பேர் ஏறிடுச்சு, கார் லோன் கேக்கறப்ப பேங்க்ல மாட்டிக்கிட்டாரு. அவர் சொன்ன ஸ்பீட் புகார் நிஜம்தான், ஆனா அத யாரும் கேக்கல, பாக்கி பணத்ததான் கேட்டாங்க.

புகார் குடுக்க எம்சிஎம்சி, நுகர்வோர் டிரிபியூனல் எல்லாம் இருக்கறது உங்களுக்கு தெரியும். டிரிபியூனல்ல 50,000 ரிங்கிட் வரைக்கும் கேக்கலாம், ஆனா லாயர் வர முடியாது, அந்த டெஸ்ட் பேப்பர நீங்களே எடுத்து வெச்சு பேசணும். என்னைக் கேட்டா பேசி முடிங்க: பாக்கிய கட்டிட்டு, டெஸ்ட்ட இணைச்சு, பெனால்ட்டி இல்லாம கான்ட்ராக்ட்லேர்ந்து விடுங்க, இல்லன்னா குறைஞ்ச பேக்கேஜுக்கு மாத்துங்கன்னு எழுத்துல கேளுங்க. ஒத்துக்கிட்டா அதையும் எழுத்துலயே வாங்கிக்கோங்க, ஃபோன்ல சொன்னத நம்பி லைன நிறுத்தாதீங்க.