தள்ளுபடி முதலில், வரி அப்புறம்

கேள்வி: ஐயா, திண்டுக்கல்லில் மாலை நேர டிபன் கடை வைத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. எண் கிடையாது. தம்பி கடைக்காக ஒரு மிக்சியும் (5,200 ரூபாய்) மூன்று எவர்சில்வர் பாத்திரங்களும் (ஒன்று 648) வாங்கிவிட்டு, பில்லை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினான். எல்லாவற்றுக்கும் 10% தள்ளுபடியாம். தள்ளுபடித் தொகை இருந்த இடத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது. மிக்சிக்கு சி.ஜி.எஸ்.டி. 468-ஆ, 463-ஆ என்றும் புரியவில்லை. கடைசியில் ரவுண்ட் ஆஃப் +0.20, மொத்தம் 7,463. இது சரிதானா?

பதில்: முதலில் அந்த மங்கிய எண்ணைத் தீர்த்துவிடலாம். ஒரே மாநிலத்துக்குள் வாங்கிய பொருளுக்கு வரி இரண்டு சம பாதியாகப் பிரியும். சி.ஜி.எஸ்.டி. எவ்வளவோ அதே தொகைதான் எஸ்.ஜி.எஸ்.டி.யிலும் இருக்கும். ஆக, ஒரே எண் பில்லில் இரண்டு முறை அச்சாகியிருக்கிறது. ஒன்று மங்கினாலும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். 463-ஐ வைத்துக் கூட்டினால் 7,463 வராது, 468 வைத்தால்தான் வருகிறது. எனவே 468 என்றே கொள்வோம்.

மடிப்புக்குள் மறைந்த தள்ளுபடியையும் இந்த 468-ஐ வைத்தே பிடித்துவிடலாம். மிக்சிக்கு வரி 18%, அதில் பாதி 9%. 468-ஐ 9-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 5,200 வருகிறது. அதாவது தள்ளுபடிக்கு முந்தைய முழு விலைக்கு வரி போட்டிருக்கிறார்கள். தள்ளுபடியைக் கழித்துவிட்டு வரி போட்டிருந்தால் 4,680-க்கு 9%, 421.20 என்று இருந்திருக்கும்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. விற்கும்போதே கொடுத்து, பில்லிலும் காட்டிய தள்ளுபடி, வரி கணக்கிடும் மதிப்பில் சேராது. உங்கள் பில் எப்படி வந்திருக்க வேண்டும் என்று போட்டுப் பார்ப்போம். மிக்சி 4,680, அதற்கு வரி 842.40. பாத்திரங்கள் மூன்றும் 1,944, தள்ளுபடி போக 1,749.60. பாத்திரத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5% என்பதால் 87.48. எல்லாம் கூட்டினால் 7,359.48. பைசாவை விட்டால் 7,359.

உங்களிடம் வாங்கியது 7,463. அவர்கள் 7,144 ரூபாய் முழு விலைக்கும் 1,033.20 வரி போட்டு, அப்புறம்தான் 714.40-ஐக் கழித்திருக்கிறார்கள். 7,462.80 வந்தது, 20 பைசா சேர்த்து 7,463 ஆக்கினார்கள். அந்த 20 பைசாவில் தப்பில்லை. ஐம்பது பைசாவுக்குக் குறைந்தால் விடுவதும், அதற்கு மேல் போனால் ரூபாயாக்குவதும் வழக்கம். ரவுண்ட் ஆஃப் என்ற இடத்தில் ஒரு ரூபாய்க்கு மேல் ஏதாவது இருந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

கூடுதலாகப் போனது 104 ரூபாய். ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கும் வியாபாரி பெரும்பாலும் வாங்கிய பொருளின் வரியைத் தன் கணக்கில் ஈடுகட்டிக்கொள்வார். உங்களுக்கு அந்த வழி இல்லை, வரியாகக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் செலவுதான். அதனால்தான் இது சின்னத் தொகை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை பெரிய கிரைண்டரோ ஃபிரிட்ஜோ வாங்கும்போது இதே முறையில் போட்டால் தொகை பெரிதாகிவிடும்.

கடைக்காரரைத் திருடர் என்று நினைக்க வேண்டாம். பில் போடும் மென்பொருளில் தள்ளுபடியைப் பொருளுக்கு நேரே போடாமல் பில்லின் கடைசியில் போட்டாலே இப்படி ஆகிவிடும். அந்த வரியை அவர் அரசுக்குக் கட்டியும் இருக்கலாம். நிதானமாகச் சொல்லுங்கள்: “அண்ணே, டிஸ்கவுண்ட் போகத்தானே டாக்ஸ் போடணும்? மிக்சிக்கு 421.20 வரணும், 468 போட்டிருக்கு.” பில்லைத் திருத்தித் தரலாம், அல்லது வித்தியாசத்துக்கு கிரெடிட் நோட் கொடுத்துப் பணத்தைத் திருப்பித் தரலாம். போகும்போது அசல் பில்லை எடுத்துப் போங்கள். வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள் என்றால் சில மாதங்களில் எழுத்து மறைந்துவிடும், இன்றைக்கே மடிப்பில்லாமல் விரித்து வைத்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு முன் தம்பியிடம் ஒன்று விசாரியுங்கள். அந்த 10% கடை கொடுத்ததா, கார்டுக்காக வங்கி கொடுத்ததா? வங்கி கொடுத்தது என்றால் கடைக்கு முழு விலையும் வந்து சேர்ந்திருக்கும், முழு விலைக்கு வரி போட்டதும் சரிதான்.