வான்கோமைசின் அளவு 12: மருந்தைக் கூட்டச் சொல்லி வற்புறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது, எடை 65 கிலோ, நீரிழிவு உண்டு. காலில் இருந்த புண்ணிலிருந்து, வழக்கமான பல மருந்துகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1000 மில்லிகிராம் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். ஒரே நாளில் இரண்டு முறை இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு காலையில் 28, இரவில் 12 என்று செயலியில் காட்டுகிறது. சென்னையில் தாதியாக இருக்கும் என் அத்தை மகள், 15-க்கும் 20-க்கும் இடையில் இருந்தால்தான் கிருமி சாகும், மருந்தைக் கூட்டச் சொல் என்கிறார். மருத்துவரோ அதே அளவைத் தொடர்கிறார். அப்பாவுக்கு மருந்து பற்றவில்லையா, ஐயா?

பதில்: பற்றுகிறது. உங்கள் அத்தை மகள் சொல்வது அவர் கற்ற காலத்தில் சரியான பாடம்தான். 2009-இல் அமெரிக்க மருத்துவ, மருந்தியல் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், கடுமையான எம்ஆர்எஸ்ஏ தொற்றுக்கு அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் எடுக்கும் இரத்தத்தில் 15 முதல் 20 வரை இருக்கட்டும் என்றுதான் இருந்தது. 2020-இல் அதைத் திருத்திவிட்டார்கள். திருத்தி இத்தனை ஆண்டுகளான பிறகும் பழைய எண் வார்டுகளிலும் தொலைபேசி ஆலோசனைகளிலும் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு அலுப்பூட்டும் விஷயம்.

கிருமியை அடக்குவது ஒரு குறிப்பிட்ட மணியில் இரத்தத்தில் இருக்கும் அளவு அல்ல. 24 மணி நேரத்தில் உடலுக்குக் கிடைத்த மொத்த மருந்து வெளிப்பாடு. அதை ஏயூசி என்கிறோம். மின்கட்டணம் மாதம் முழுதும் ஓடிய யூனிட்டைப் பார்த்துத்தான் வருகிறது. இரவு எட்டு மணிக்கு வீட்டில் எத்தனை விளக்கு எரிந்தது என்பதைப் பார்த்து அல்ல. அந்த மொத்தம் 400-க்கும் 600-க்கும் இடையில் இருந்தால் மருந்து வேலை செய்யும், சிறுநீரகமும் பெரும்பாலும் தாங்கும். 15 முதல் 20 என்ற எண், மொத்தத்தைக் கணக்கிடுவது சிரமமாக இருந்த காலத்தில் அதற்குப் பதிலாக வைத்துக்கொண்ட குறுக்குவழி. அதைத் துரத்தியதில் பலருக்குத் தேவைக்கு மேல் மருந்து போய்ச் சிறுநீரகம் அடிவாங்கியது தெரியவந்ததால்தான் கைவிட்டார்கள்.

இப்போது உங்கள் அப்பாவின் எண்களையே எடுத்துக்கொள்வோம். மருந்து காலை 8 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிந்தது என்றும், முதல் இரத்தம் 10 மணிக்கும் இரண்டாவது இரவு ஏழரைக்கும் எடுக்கப்பட்டது என்றும் வைத்துக்கொள்கிறேன். இப்படி இரண்டு முறை எடுப்பதன் நோக்கமே இந்தக் கணக்குத்தான். ஒன்பதரை மணி நேரத்தில் 28 என்பது 12 ஆக இறங்கியிருக்கிறது. அதாவது ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவர் உடலில் மருந்து பாதியாகிறது. இந்த வேகத்தை வைத்துப் பின்னோக்கிப் போனால் மருந்து ஏறி முடிந்த 9 மணிக்கு அளவு 31-ஐ ஒட்டி இருந்திருக்கும். முன்னோக்கிப் போனால் இரவு 8 மணிக்கு அடுத்த வேளை தொடங்கும்போது பதினொன்றரை. இந்த ஏற்ற இறக்கத்துக்கு அடியில் சேரும் மொத்தத்தைக் கூட்டினால் ஒரு வேளைக்கு 235, நாளுக்கு இரண்டு வேளை என்பதால் 470. நடு வரம்பில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. மருத்துவர் கை வைக்காததன் காரணம் அதுதான்.

அத்தை மகள் சொன்னபடி ஒவ்வொரு வேளையையும் 1500 மில்லிகிராமாகக் கூட்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். இரவு அளவு 17 ஆகும். அவர் மகிழ்ச்சி அடைவார். மொத்தமோ 700-ஐத் தாண்டிவிடும். நீரிழிவு உள்ள 64 வயதுச் சிறுநீரகத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தக் கணக்கு முழுதும் ஒன்றை நம்பியிருக்கிறது: நேரம். மருந்து எத்தனை மணிக்கு உண்மையில் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, இரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்ற மூன்றும் சரியாக இல்லாவிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அன்று இரண்டாவது இரத்தத்தை இரவு ஏழரைக்குப் பதிலாக மாலை 5 மணிக்கு எடுத்திருந்தால் அதே அப்பாவுக்கு, அதே மருந்துக்கு, 15 என்று வந்திருக்கும். செயலியில் நீங்கள் காண்பது வெறும் எண். தாதியர் முறை மாறும் நேரத்தில் 8 மணி மருந்து எட்டே முக்காலுக்குத் தொடங்குவதும், பதிவேட்டில் மட்டும் 8 மணி என்றே நிற்பதும் எல்லா வார்டுகளிலும் நடக்கிற காரியம். தாதியரைக் குறை சொல்லவில்லை. ஒருவர் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு செலவில் கணினி முறைகள் வாங்கியும், மருந்து தொடங்கிய நிமிடத்தை முடிவுக்குப் பக்கத்தில் காட்ட ஒரு கட்டம் ஒதுக்க முடியவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆகவே படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களால் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், இந்த மூன்று நேரங்களையும் ஒரு தாளில் குறித்து வைத்து மருந்தாளரிடம் காட்டுவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேல்கையில் நீண்ட குழாய் பொருத்தியிருந்தால், மருந்து ஏறும் அதே குழாயிலிருந்து இரத்தம் எடுத்தால் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் மருந்தும் சேர்ந்து வந்து அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். மறு கையிலிருந்து எடுக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். அதேபோல், மருந்து மெதுவாக இறங்குகிறதே என்று உறவினர் யாரும் குழாயின் உருளையைத் திருகக் கூடாது. 1000 மில்லிகிராம் இறங்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆக வேண்டும். வேகமாகப் போனால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும்.

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்பும் விதிவிலக்கு ஒன்று. மேலே போட்ட கணக்கு, சிறுநீரகம் ஒரே சீராக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அது சரியும் நாளில் கணக்கு செல்லாது. 1000 மில்லிகிராம் மாறாமலே போய்க்கொண்டிருக்க, இரவு அளவு 12-இலிருந்து 19 ஆகிவிட்டது என்று வையுங்கள். பழைய எண்ணை மனத்தில் வைத்திருப்பவர், அப்பாடா, இலக்கை எட்டிவிட்டோம் என்று நிம்மதி அடைவார். உண்மையில் அது சிறுநீரகம் மருந்தை வெளியேற்றத் தவறுகிறது என்பதற்கான எச்சரிக்கை. கிரியேட்டினின் என்ற பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் தாமதமாக. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஓரிரு நாள் கழித்தே அந்த எண் முழுதாக உயரும். அப்பாவுக்குச் சேர்த்த அன்று 85 இருந்தது என்றால், அது 128-ஐ நெருங்குவது ஒன்றரை மடங்கு. அதற்காகக் காத்திருக்காமல், எண் தொடர்ந்து ஏறத் தொடங்கும்போதே மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது ஒரு வேளையை நிறுத்தி மறுபடி இரத்தம் பார்ப்பார். சிறுநீர் குறைந்தாலும் உடனே சொல்லுங்கள். நீரிழிவுக் கால் புண்ணுக்குப் பிப்பெராசிலின்-டாசோபாக்டம் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். வான்கோமைசினோடு அது சேரும்போது கிரியேட்டினின் உயர்வது கூடுதலாகக் காணப்படுகிறது. கிருமிப் பரிசோதனையில் எம்ஆர்எஸ்ஏ மட்டுமே வளர்ந்திருந்தால் அந்த இரண்டாவது மருந்து இன்னும் தேவையா என்று கேட்பதில் தவறில்லை.

கால் வலிக்கு என்று வெளியிலிருந்து எதையும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு நேர் எதிரி. தெரிந்தவர் ஜொகூரிலிருந்து வாங்கிவந்த மூட்டுவலிப் பொடியும் அந்தக் கணக்கில்தான் சேரும். இத்தகைய பொடிகளில் வலி மருந்தும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது தரகர்களைப் பற்றிப் பேசும்போதுதான். மருத்துவமனைக் கட்டணத்தைக் கண்டு மிரண்டிருக்கும் குடும்பத்தைத் தேடி வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார். ஊசி எதற்கு, வான்கோமைசின் மாத்திரையாகவே வருகிறது, பாதி விலைக்குத் தருவித்துத் தருகிறேன், அப்பாவை வீட்டுக்கே அழைத்துப் போங்கள் என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. வான்கோமைசின் குளிகை உண்டு. ஆனால் அது குடலிலிருந்து இரத்தத்துக்குள் ஏறுவதே கிடையாது என்று சொல்லிவிடலாம். குடலுக்குள்ளேயே இருக்கும் வேறொரு கிருமிக்குத்தான் அதைக் கொடுக்கிறோம். இரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ இருப்பவருக்கு அந்தக் குளிகையைக் கொடுப்பது, சிகிச்சையே கொடுக்காமல் இருப்பதற்குச் சமம். இன்னொரு வகைத் தரகர், தாதியை வீட்டுக்கு அனுப்பி இரண்டு வாரம் ஏற்றிவிடுகிறேன் என்பார். இரத்த அளவை யார் பார்ப்பார்கள், கிரியேட்டினினை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சிகிச்சை எத்தனை நாள் என்பது அளவைப் பொறுத்தது அல்ல. இரத்தத்தில் கிருமி வளராத முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். சிக்கல் இல்லாவிட்டால் குறைந்தது 14 நாள், இதய வால்விலோ எலும்பிலோ தொற்று பரவியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் அல்லது அதற்கும் மேல். கால் புண்ணில் ஆரம்பித்தது என்பதால் எலும்பைப் படம் எடுத்தும், இதயத்தை எக்கோ செய்தும் பார்ப்பார்கள். ஏயூசி 470 இருந்தும் மீண்டும் மீண்டும் இரத்தத்தில் கிருமி வளர்கிறது என்றால், மருந்தைக் கூட்டுவதல்ல வழி. எங்கேயோ தேங்கியிருக்கும் சீழை அறுவை மருத்துவர் தேடி எடுக்க வேண்டும், அல்லது மருந்தையே மாற்ற வேண்டும்.

பொது மருத்துவமனைகளில், வார்டில் படுக்காமலே நரம்பு வழி மருந்தைத் தொடரும் திட்டம் இருக்கிறது. அதில் சேர்க்கும் நாளில், வான்கோமைசின் அளவும் கிரியேட்டினினும் வாரத்துக்கு ஒரு முறையாவது எந்தக் கிழமையில் எடுக்கப்படும், முடிவைப் பார்த்து உங்களைத் தொலைபேசியில் அழைக்கப்போவது யார், வார இறுதியில் அந்த எண்ணில் யாராவது எடுப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்பாவை அழைத்துச் செல்லுங்கள்.