500 கொடுத்தேன், மீதி 41 தான் வந்தது

“மளிகை பில் படம் போட்டிருக்கேன். விலை எல்லாம் கிலோவுக்கு, எடை கிராமில். மொத்தம் 459-னு எழுதி 500-க்கு 41 தந்தாங்க. சரியா?”

இல்லைங்க, 221 வந்திருக்க வேண்டும்.

கிலோ விலையை 10-ஆல் வகுத்தால் 100 கிராமின் விலை. மற்றதை அதிலிருந்து பிடித்துவிடலாம். துவரம்பருப்பு கிலோ 160, அதாவது நூறு கிராம் 16. 750 கிராமுக்கு ஏழரை மடங்கு, 120 ரூபாய். சர்க்கரை கிலோ 46, ஒன்றரை கிலோ 69. வரமிளகாய் 280, கால் கிலோ 70. இதுவரை 259.

மீதி இருப்பது சீரகம். கிலோ 400, நீங்கள் வாங்கியது 50 கிராம். நூறு கிராமே 40 ரூபாய்தான், அதில் பாதி 20. ஆக மொத்தம் 279.

459-க்கும் 279-க்கும் வித்தியாசம் 180. இதை 9-ஆல் வகுத்தால் 20, சீரகத்தின் விலை! புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் தொகை பத்து மடங்காகும். கூடுதலாக விழுவது ஒன்பது மடங்கு. கால்குலேட்டரில் 0.050 போடுவதற்குப் பதில் 0.50 போட்டிருப்பார்கள், அரைக் கிலோ சீரகத்துக்கு 200 விழுந்திருக்கும். ஏமாற்று வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. 50, 75 கிராம் பொருள்களில் அடிக்கடி நடப்பதுதான்.

பில்லில் சீரக வரிக்கு எதிரே 200 இருக்கிறதா பாருங்கள், படத்தில் அந்த இடம் மடிப்பில் மறைந்திருக்கிறது. இருந்தால் பொட்டலத்தோடு கடைக்குப் போய் அந்த வரியை மட்டும் காட்டுங்கள். இன்னும் 180 ரூபாய் வர வேண்டும்.