எந்தப் பிரதியீடு? கிளிநொச்சி ரீச்சரின் கேள்வி பதில்

இன்றைக்கு இணைந்த கணிதம் முதலாம் வினாத்தாளின் தொகையீடு மட்டும், பகுதி B-யில் பெரும்பாலும் 15ஆம் வினாவாக வருகிற சங்கதி. அதிலும் பிரதியீடு மட்டும். மழைக்கு கரண்ட் போய்ப் போய் வருகிறது, பதில் பிந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறிகண்டி, மாணவன்: ரீச்சர், கணக்கைப் பார்த்த உடனே எந்தப் பிரதியீடு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? வர்க்கமூலம் கண்டால் நான் உடனே x = tan θ போடுவன்.

உன் கொப்பியில் எல்லாக் கணக்கும் θ-வில்தான் நிற்கும் போல, தம்பி. வர்க்கமூலத்தைப் பார்க்க முதல், அதற்கு வெளியே என்ன நிற்கிறது என்று பார்.

x³/√(1+x²) என்பதை 0 முதல் √3 வரை தொகையிட வேண்டும் என்று வை. வர்க்கமூலத்துக்குள்ளே இருக்கிற 1+x²-இன் பெறுதி 2x. வெளியே x³ இருக்கிறது. அதில் ஒரு x-ஐ dx-உடன் சேர்த்துக் கட்டினால் மிச்சம் x². அந்த x²-ஐ வர்க்கமூலத்தை வைத்தே எழுதிவிடலாம். ஆகவே u = √(1+x²) என்று முழு வர்க்கமூலத்தையும் எடு. u² = 1+x², u du = x dx, x² = u²−1. எல்லைகள் 1, 2. கீழே நின்ற u-வும் மேலே வந்த u-வும் வெட்டுப்பட, மிஞ்சுவது u²−1 மட்டும். விடை 4/3. மூன்று வரி.

tan θ போட்டாலும் விடை வரும். tan³θ sec θ என்று ஒன்று வரும், அதை உடைத்துப் பிறகு sec θ-வை இன்னொரு எழுத்தாக்க வேண்டும். அந்த எழுத்து வேறொன்றுமில்லை, நான் முதலே எடுத்த u-தான். ஊரைச் சுற்றி அதே படலைக்கு வருகிறாய்.

இதே வர்க்கமூலம் 1/(x²√(1+x²)) என்று வந்தால் கதை வேறு. dx-உடன் கட்ட வெளியே தனி x இல்லை. அங்கே x = tan θ போடு, cos θ/sin²θ என்று அழகாகச் சுருங்கும். வெளியே x-இன் ஒற்றை அடுக்கு நின்றால் முதலில் வர்க்கமூலத்தையே எடுத்துப் பார், இரட்டை அடுக்கு என்றால் கோணத்துக்குப் போ. எல்லா இடத்திலும் பலிக்காது. ஆனால் முதல் முயற்சி எது என்று சொல்ல இது போதும்.

பரந்தன், மாணவி: dx எழுத மறந்தால் புள்ளி குறைப்பினமா?

நான் குறைப்பேன்.

மாங்குளம், மாணவன்: எல்லையை மாற்றாமல் விட்டு, கடைசியில் u-வை x ஆக்கிப் பழைய எல்லையைப் போட்டால் பிழையா?

பிழை இல்லை. ஆனால் இடையில் இருக்கிற வரிகளில் ∫ குறிக்குப் பக்கத்தில் பழைய 0-வும் √3-உம் நிற்க, உள்ளே u du என்று எழுதினால் அது பிழை. அந்த வரி u 0-விலிருந்து √3 வரை போகிறது என்று சொல்கிறது. விடை சரியாக வந்தாலும் அந்த வரி பொய். எல்லையை மாற்று. இதை இன்றைக்கு இன்னும் எத்தனை தரம் சொல்லப்போகிறேனோ தெரியாது.

விசுவமடு, ஒரு தகப்பன்: என்ர மகள் சாதாரண தரம். x, y இரண்டும் உள்ள சமன்பாட்டில் பிரதியீடு செய்யக் கஷ்டப்படுகிறா. இங்கே கேட்கலாமா?

அது வேறு பிரதியீடு ஐயா. பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சரிடமே கேட்கச் சொல்லுங்கோ, அவவுக்கு அது பத்து நிமிட வேலை.

புதுக்குடியிருப்பு, மாணவி: சில வினாவில் பிரதியீட்டை அவையளே தந்துவிட்டு, பக்கத்தில் 0 ≤ θ ≤ π/4 என்றும் போடுகினம். அது எதற்கு?

நல்ல கேள்வி. √((x−1)/(3−x)) என்பதை 1 முதல் 2 வரை தொகையிட x = 1 + 2 sin²θ தந்திருக்கிறது என்று வை. 1-உம் 3-உம் வர்க்கமூலத்துக்குள்ளேயே நிற்கின்றன. அவற்றின் இடைவெளி 2, அதுதான் sin²θ-வுக்கு முன்னால் வந்த 2. இனி x−1 = 2 sin²θ, 3−x = 2 cos²θ. வர்க்கமூலத்துக்குள்ளே tan²θ.

√(tan²θ) என்பது tan θ இல்லை, |tan θ|. x = 2 ஆக வேண்டுமென்றால் sin²θ = 1/2, அதற்கு θ = π/4 மட்டுமல்ல −π/4-உம் சரி. −π/4-ஐ எடுத்துக்கொண்டு மட்டுக் குறியையும் விட்டால் குறி மாறிப்போகும். 0 முதல் π/4 வரை என்று தந்தது அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். dx = 4 sin θ cos θ dθ, பெருக்க 4 sin²θ, விடை π/2 − 1. "tan θ ≥ 0 என்பதால்" என்று ஒரு சொல் எழுதிவிடு. வீச்சு தராத வினாவில் அதை நீயே தெரிந்து எழுத வேண்டும்.

ஒட்டுசுட்டான், மாணவி: 1/(2+cos x)-ஐ 0 முதல் 2π வரை செய்தேன் ரீச்சர். t = tan(x/2) போட்டேன். எல்லையையும் மாற்றினேன், நீங்கள் சொன்ன மாதிரி. x = 0 என்றால் t = 0, x = 2π என்றாலும் t = 0. விடை பூச்சியம். சரியா?

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பூச்சியத்துக்குக் கீழே அடிமட்டம் வைத்து இரண்டு கோடு கீறியிருக்கிறாய். வரி வரியாகப் பார்த்தால் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் விடை பிழை.

கோடு கீற முதல் சார்பைப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். cos x −1-க்கும் 1-க்கும் இடையில்தான் ஓடும், ஆகவே 1/(2+cos x) எப்போதும் 1/3-க்கும் 1-க்கும் இடையில். வரைபு முழுவதும் அச்சுக்கு மேலே நிற்கிறது. அதன் கீழே உள்ள பரப்பு 2π/3-க்குக் குறைய முடியாது, அதாவது 2-க்கு மேலே ஏதோ. பூச்சியம் எப்படி வரும்?

குற்றவாளி x = π. அங்கே x/2 = π/2, tan இல்லை. x 0-விலிருந்து π-ஐ நெருங்க t முடிவிலிக்கு ஏறுகிறது, π-ஐத் தாண்டியதும் கழித்தல் முடிவிலியிலிருந்து திரும்ப 0-வுக்கு வருகிறது. நீ இரண்டு ஓரத்தை மட்டும் பார்த்தாய், நடுவில் பாலம் உடைந்ததைப் பார்க்கவில்லை. எல்லையை மாற்று என்று நான் கத்துவது சரி, அதோடு நடுவையும் பார்.

இனிச் சரியான வழி. cos x, π-ஐச் சுற்றிச் சமச்சீர், ஆகவே 0 முதல் π வரை செய்து இரண்டால் பெருக்கலாம். அந்த 0–π துண்டையும் π/2-இல் வெட்டு. முதல் பாதியில் t 0 முதல் 1 வரை, உள்ளே 2/(3+t²), விடை π/(3√3). இரண்டாம் பாதியில் x-க்குப் பதில் π−x போடு, அது 0 முதல் π/2 வரை 1/(2−cos x) ஆகிவிடும். திரும்ப t போட 2/(1+3t²), விடை 2π/(3√3). கூட்டினால் π/√3, இரட்டிப்பாக்க 2π/√3. கிட்டத்தட்ட 3.63. முடிவிலி எங்கேயும் வரவில்லை.

வவுனியா, ஓர் ஆசிரியர்: பிள்ளைக்கு இவ்வளவு தேவையில்லை. பிரதியீடு ஒன்றுக்கொன்றாக இருக்க வேண்டும், tan(x/2) 0 முதல் 2π வரை அப்படி இல்லை, ஆகவே போடக்கூடாது. அவ்வளவுதான்.

சேர், பாதி சரி. ஒன்றுக்கொன்று என்பதுதான் காரணம் என்றால் இதைப் பாருங்கோ: 2x(x²+1)³, −1 முதல் 2 வரை. u = x²+1 ஒன்றுக்கொன்று இல்லை. u முதலில் 2-இலிருந்து 1-க்கு இறங்கி, பிறகு 5-க்கு ஏறுகிறது. ஆனாலும் எல்லை 2, 5 என்று போட 609/4 வருகிறது, அது சரியான விடைதான். போய்த் திரும்பிய பகுதி தானாகவே கழிபட்டுவிடுகிறது. அதோடு tan(x/2)-ஐ நீங்கள் சொன்ன ஆயிடையில் பாருங்கோ, π-ஐ விட்டால் அது 0 தவிர்ந்த எந்தப் பெறுமானத்தையும் இரண்டு தரம் எடுக்கவில்லை. அங்கே உள்ள நோய் தொடர்ச்சியின்மை.

வவுனியா ஆசிரியர்: அப்படியென்றால் x²-ஐ −1 முதல் 1 வரை u = x² போட்டுச் செய்து காட்டுங்கோ.

அங்கே நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இரண்டு எல்லையும் 1, விடை பூச்சியம் என்று வரும், உண்மை விடை 2/3. ஆனால் ஏன்? வெளியே தனி x இல்லாததால் x = √u என்று திருப்பி எழுத வேண்டி வந்தது. கழித்தல் பக்கத்தில் x = −√u. திருப்பி எழுதும்போதுதான் ஒன்றுக்கொன்று தேவை. பெறுதி பக்கத்திலேயே நின்றால் தேவையில்லை.

வவுனியா ஆசிரியர்: பரீட்சை மண்டபத்தில் பிள்ளை இந்த வித்தியாசம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்காது. "ஒன்றுக்கொன்று இல்லாவிட்டால் துண்டாக்கு" என்றால் எந்தக் கணக்கிலும் தப்பாது.

தப்பாது, ஒத்துக்கொள்கிறேன். தேவையில்லாத இடத்திலும் துண்டாக்கி நேரம் போகும், அதுதான் என் கவலை. நீங்கள் உங்கள் வகுப்பில் அப்படியே சொல்லுங்கோ, நான் என் வகுப்பில் இப்படிச் சொல்கிறேன்.

நெடுங்கேணி, மாணவன்: ரீச்சர், எந்தப் பிரதியீடு போடுறது என்று எப்படித் தெரியும்?

முறிகண்டித் தம்பிக்குச் சொன்னதை வாசி.

அக்கராயன், மாணவி: எல்லையை மாற்றத்தான் வேணுமா?

மாங்குளம்.

முல்லைத்தீவு, மாணவன்: வர்க்கமூலம் வந்தால் tan θ தானே ரீச்சர்?

தம்பி, மேலே ஏறிப் போ. எல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

ஒட்டுசுட்டான், மாணவி: திரும்பவும் நான்தான் ரீச்சர். cos x 2π-க்கு ஒருக்கால் திரும்புது தானே. 0 முதல் 2π-க்குப் பதிலாக −π முதல் π வரை எடுத்தால் உடைந்த இடம் நடுவில் வராதே?

வராது, ஓரத்துக்குப் போய்விடும். விடையும் அதே 2π/√3. t கழித்தல் முடிவிலியிலிருந்து முடிவிலி வரை போகும், அதை விடைத்தாளில் எப்படி எழுதுவாய் என்பதுதான் பாக்கி. வவுனியா சேர் துண்டாக்கச் சொல்வார், நான் π−x போடச் சொல்வேன். கரண்ட் திரும்பவும் போகப்போகிறது போல, நாளைக்கு எழுதி அனுப்பு. இந்த முறை கோடு கீறாமல் அனுப்பு.