கஞ்சி கெட்டியாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் அப்பாவுக்கு இருமல் வருது?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு, ஸ்ட்ரோக் வந்து மூணு வாரம் ஆகுது. ஸ்பீச் தெரபிஸ்ட் திரவம் லெவல் 2, அதாவது லேசான கெட்டி, சாப்பாடு லெவல் 4, அதாவது மசிய அரைச்சதுன்னு எழுதிக் குடுத்தாங்க. திரவத்தைக் கெட்டியாக்குற திக்கனர் பவுடர் விலை ஜாஸ்தின்னு அரிசிக்கஞ்சியே கெட்டியா வச்சு ஸ்பூன்ல குடுக்குறோம், ஒரு நாளைக்கு நாலு டம்ளர். முதல்ல நல்லா முழுங்குறார், டம்ளர் முடியுற நேரத்துல இருமல். ரசம் சாதம் குழைச்சுக் குடுக்கலாமா? வெயிட் 61ல இருந்து 57 கிலோ ஆயிடுச்சு, யூரின் அடர் மஞ்சளா போகுது.

பதில்: கடைசில மட்டும் இருமல் வருதுன்னு கவனிச்சு எழுதியிருக்கீங்க பாருங்க, பிரச்சனையே அதுலதான் இருக்கு. நம்ம எச்சில்ல அமைலேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது மாவுச்சத்தை உடைச்சிடும். வாயில போன ஸ்பூனையே திரும்பத் திரும்ப டம்ளர்ல விட்டா எச்சில் உள்ள போகுது, பத்து நிமிஷத்துல அடில இருக்குற கஞ்சி நீர்த்துப் போயிடும், நீங்க லெவல் 2னு நினைச்சுக் குடுக்குறது அந்நேரம் வெறும் தண்ணி பதத்துக்கு வந்திருக்கும். அடுத்த தடவை மீதி இருக்குற கால் டம்ளரைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

மாவு வகை திக்கனர் பவுடர் எல்லாத்துக்கும் இதே கதைதான். சாந்தன் கம் போட்ட பவுடரை எச்சில் உடைக்காது, அதனால விலை கூடுதல்னாலும் தண்ணி, மோர், காபிக்காவது அதை வாங்குங்கன்னுதான் சொல்வேன். கஞ்சியே குடுக்கணும்னா சின்னக் கிண்ணத்துல 50 மில்லி அளவுக்கு ஊத்தி அதுல இருந்து ஊட்டுங்க, தீர்ந்தா வேற ஸ்பூனால பெரிய பாத்திரத்துல இருந்து எடுத்து ஊத்துங்க, வாய்க்குப் போற ஸ்பூன் அங்க போகவே கூடாது.

கெட்டியா இருக்கான்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது. 10 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு வாங்குங்க, ஊசி வேணாம், நுனி திருகு மரை இல்லாம வழவழன்னு இருக்கணும், 0ல இருந்து 10 வரைக்கும் ஸ்கேல்ல அளந்தா 61.5 மில்லிமீட்டர் வரணும், ஏன்னா எல்லா கம்பெனி சிரிஞ்சும் ஒரே நீளம் இல்ல. பிஸ்டனை உருவிட்டு நுனியை விரலால அடைச்சு 10 வரைக்கும் ஊத்துங்க, விரலை எடுத்து சரியா 10 செகண்ட் ஓட விட்டு மறுபடி அடைங்க. உள்ள 4ல இருந்து 8 மில்லிக்குள்ள மீதி இருந்தா லெவல் 2. நாலுக்குக் கீழ போனா அது லெவல் 1 இல்ல அதைவிட நீர்த்தது. கஞ்சியை வடிகட்டிட்டுப் பாருங்க, ஒரு பருக்கை நுனியை அடைச்சாலும் கெட்டின்னு பொய்யா காட்டும். குடிக்கிற சூட்டுலயே பாருங்க, ஆறினா இறுகிடும்.

ரசம் சாதம் வேணாம். எவ்வளவு குழைச்சாலும் ரசம் தனியா முந்தி ஓடும், சோறு பின்னாடி வரும், ரெண்டு வேகத்தை ஒரே நேரத்துல சமாளிக்கிறதுதான் இவருக்கு முடியாத வேலை. ரசத்தோட ருசி வேணும்னா சோறு, பருப்பு, ரசம் மூணையும் சேர்த்து மிக்ஸில அரைச்சு சல்லடைல தேய்ச்சு எடுங்க. ஸ்பூனைக் கவுத்தா மொத்தமா ஒரே உருண்டையா விழணும், ஸ்பூன்ல பசையா ஒட்டக்கூடாது, ஓரத்துல தண்ணி பிரியக்கூடாது.

வெயிட் குறையுறதுக்கு அரைக்கும்போது ஊத்துற தண்ணி முக்கிய காரணமா இருக்கலாம், ஏன்னா அளவு கூடுது, ஆனா அவர் அதே கிண்ணத்தோட நிறுத்திக்கிறார், உள்ள போற சத்து பாதிதான். இட்லியை தண்ணிக்கு பதிலா பால்ல அரைங்க, பருப்பு சாதத்துல வேளைக்கு ஒரு டீஸ்பூன் நெய், அதுவே 45 கலோரி. சுகர், கிட்னி, ஹார்ட் பிரச்சனை எதுவும் இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

திரவக் கணக்கு பாருங்க. கிலோவுக்கு 30 மில்லின்னா 57 கிலோவுக்கு சுமார் 1700 மில்லி. டம்ளர் 150 மில்லின்னு வச்சா நாலு டம்ளர் 600, அரைச்ச சாப்பாட்டுல இருக்குற தண்ணி தாராளமா ஒரு 550, ஆக 1150தான் ஆகுது, இன்னும் 550 வேணும். கெட்டியாக்கினா தண்ணி உடம்புல சேராதுன்னு சிலர் சொல்வாங்க, அது தப்பு, சேரும், கெட்டியா இருக்குன்னு அவர் குடிக்காம விடுறதுதான் சிக்கல். இந்தக் கூடுதல் 550ஐ ஒரேயடியா ஊத்தாதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 100 மில்லின்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க.

மலச்சிக்கலுக்குப் பவுடர் குடுத்தா லேபிள்ல பாலிஎத்திலீன் கிளைகால்னு இருக்கான்னு பாருங்க, அதை மாவு வகை திக்கனரோட கலந்தா நீர்த்துடும். மாத்திரையையும் ஃபார்மசிஸ்ட்கிட்ட கேக்காம பொடிக்காதீங்க.

சாப்பிட்டதும் குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கரகரன்னு ஆச்சுன்னா, காய்ச்சல் வந்தா, மூச்சு வேகமா வாங்குனா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. இருமலே இல்லாமலும் சாப்பாடோ தண்ணியோ நுரையீரலுக்குள்ள போகும், அதனால இருமல் நின்னுடுச்சுன்னு லெவலை நீங்களா குறைக்காதீங்க, தெரபிஸ்ட்கிட்ட மறுபடி ஒரு தடவை காட்டி அவங்க சொன்னா மாத்திக்கலாம்.